பதிவுத் திருமணமும் பங்கில்லாத தாயும்

வடுகபட்டியில் பூண்டுக் கமிஷன் கடை நடத்தும் இந்து ஒருவர். மனைவி ராயப்பன்பட்டிக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், பள்ளி ஆசிரியை. இருவரும் மதம் மாறவில்லை. மாறும்படி ஒருவரையொருவர் கேட்கவும் இல்லை. சிறப்புத் திருமணச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபத்துக்கான 30 நாள் முடியும்வரை காத்திருந்து, மூன்று சாட்சிகளோடு கையெழுத்துப் போட்டார்கள். கணக்குப் பார்ப்பதற்காக நான் உருவாக்கிக்கொண்ட ஜோடி இது. ஆனால், இப்படிப்பட்ட ஜோடிகள் பெரியகுளத்திலிருந்து கம்பம் வரைக்கும் இருக்கிறார்கள். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் அடுத்தடுத்த தெருவில் வாழும் பள்ளத்தாக்கில் அதில் வியப்பில்லை.

கடைக்காரர் பெயரில் அவரே கட்டிய வீடு, வங்கி வைப்புத்தொகை, கடைச் சரக்கு எல்லாம் சேர்த்து 48 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிள்ளைகள். தாய் உயிரோடு இருக்கிறார். மகன் வீட்டிலேயே மகன் கையால் சாப்பிடுகிறவர். கடைக்காரர் உயில் எழுதாமல் மாரடைப்பில் போய்விடுகிறார். சொத்து யாருக்கு?

தேனி மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும், ஓரளவு விவரம் தெரிந்தவர்கள்கூட, “மனைவி, ரெண்டு பிள்ளைங்க, அம்மா, நாலு பேருக்கும் சமம்” என்பார்கள். ஆளுக்கு 12 லட்சம். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது சரி. இந்தக் குடும்பத்துக்குத் தவறு. இவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, 16 லட்சம். மீதி 32 லட்சம் இரண்டு பிள்ளைகளுக்கும் சரிபாதி. தாய்க்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

பிள்ளைகள் இல்லாமல் அவர் இறந்திருந்தால் கணக்கு இன்னும் வினோதமாகும். அப்போது மனைவிக்குப் பாதி, 24 லட்சம். மறுபாதி இறந்தவரின் தந்தைக்கு, அவர் உயிரோடு இருந்தால் முழுவதும் அவருக்கே. பக்கத்திலேயே தாய் உட்கார்ந்திருந்தாலும் தாய்க்கு இல்லை. தந்தை முன்பே காலமாகியிருந்தால் அந்தப் பாதி தாய்க்கும் இறந்தவரின் உடன்பிறந்தோருக்கும் சமமாகப் பிரியும். ஒரு அண்ணன், ஒரு தங்கை என்றால் ஆளுக்கு 8 லட்சம். இதே மனிதர் இந்துப் பெண்ணை மணந்திருந்தால் பிள்ளைகள் இல்லாத நிலையில் மனைவியும் தாயும் ஆளுக்கு 24 லட்சம் எடுத்திருப்பார்கள்; தந்தைக்கோ உடன்பிறந்தோருக்கோ எதுவும் வந்திருக்காது. ஒரே வீடு, ஒரே மனிதர், ஒரே சம்பாத்தியம். மணந்த பெண்ணின் மதம் மட்டும்தான் வேறு. அதற்கு அவருடைய தாய் விலை கொடுக்கிறார்.

மதம் மாற வேண்டாம் என்பதற்காகத்தான் பலர் இந்தச் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மதம் மாறாமல் இருக்கலாம், உண்மை. ஆனால் வாரிசுரிமை மாறிவிடுகிறது. பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது அதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அறிவிப்புப் படிவத்திலும் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இரண்டு பிரிவுகள்

1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 21-வது பிரிவுதான் இந்த மாற்றத்தைச் செய்கிறது. இந்தச் சட்டத்தின் கீழ் மணந்த எவருடைய சொத்தும், அந்தத் திருமணத்தில் பிறந்த பிள்ளைகளுடைய சொத்தும், 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படியே இறங்கும் என்கிறது அது. அதாவது இந்தியக் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்துகிற அதே சட்டம். மணமக்களில் யாரும் கிறிஸ்தவராக இல்லாவிட்டாலும், ஒருவர் இந்து, மற்றவர் உத்தமபாளையத்து இஸ்லாமியர் என்றாலும், அதேதான்.

1976-ல் இதில் ஒரு விலக்குப் புகுந்தது. 21-ஏ என்ற புதிய பிரிவு, மணமக்கள் இருவருமே இந்து, பௌத்த, சீக்கிய, சமண மதங்களைச் சேர்ந்தவர்கள் என்றால் 21 பொருந்தாது என்றது. அவர்கள் பதிவுத் திருமணம் செய்தாலும் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருப்பார்கள். வேறு சாதியில் மணந்து பதிவுசெய்த இந்துத் தம்பதிக்கு இதனால் நிம்மதி. வேறு மதத்தில் மணந்தவர்கள் மட்டும் பழைய இடத்திலேயே விடப்பட்டார்கள்.

இந்த ஒரு பிரிவு எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதற்கு நாடறிந்த உதாரணம் இருக்கிறது. சஞ்சய் காந்தியும் மேனகாவும் 1974-ல் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தவர்கள். 1980 ஜூனில் விமான விபத்தில் சஞ்சய் இறந்தார். அவருடைய சொத்தில் தாய் இந்திரா காந்திக்குப் பங்கு உண்டா என்ற கேள்வி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தந்தை பெரோஸ் பார்சி என்பதால் சஞ்சய் இந்துவா என்பதே வழக்கில் விவாதமானது. 1984-ல் வந்த தீர்ப்பு சஞ்சயை இந்து என்றே ஏற்றது. இந்திரா தாய் என்ற முறையில் வாரிசானார். 21-ஏ இல்லாதிருந்தால், மனைவியும் பிள்ளையும் இருக்கும்போது, நாட்டின் பிரதமராக இருந்த தாய்க்கும் நம் வடுகபட்டித் தாயின் நிலைதான்.

தாயை விட்டது யார்?

இந்திய வாரிசுரிமைச் சட்டம் மதச்சார்பற்றது என்று பெருமையாகச் சொல்வதுண்டு. மதத்தைச் சாராமல் இருக்கலாம். ஊரைச் சார்ந்துதான் இருக்கிறது. அந்த ஊர் லண்டன். 1865-ல் பிரிட்டிஷ் ஆட்சி கொண்டுவந்த வாரிசுரிமைச் சட்டத்தின் விதிகள்தான் 1925 சட்டத்திலும் தொடர்ந்தன. அவை அக்கால ஆங்கிலேயக் குடும்ப வழக்கத்தை ஒட்டி எழுதப்பட்டவை. பிள்ளை இல்லாமல் மகன் இறந்தால் தந்தையே எடுத்துக்கொள்வார்; மனைவி, அதாவது இறந்தவரின் தாய், கணவரின் நிழலில் இருப்பவள், அவளுக்குத் தனியாக எதற்கு என்பதுதான் அதன் எண்ணம். 42-வது பிரிவு இப்போதும் அதையே ஒரு வரியில் சொல்கிறது: இறந்தவரின் தந்தை உயிரோடு இருந்தால் அவரே வாரிசு.

இங்கிலாந்து இந்த விதியைக் கைவிட்டுவிட்டது. கைவிட்ட ஆண்டைக் கவனிக்க வேண்டும்: 1925. அந்த ஆண்டு அங்கே வந்த எஸ்டேட் நிர்வாகச் சட்டம் தந்தைக்கும் தாய்க்கும் சம பங்கு கொடுத்தது. அதே ஆண்டில் இங்கே பழைய விதியைத் தூசி தட்டிப் புதிய சட்டத்தில் ஒட்டினார்கள். இன்றுவரை அதை நாம் கழற்றவில்லை.

இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தாய் முதல் வகுப்பு வாரிசு. பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தாலும் மகன் சொத்தில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. இஸ்லாமிய வாரிசுரிமையில், இறந்தவருக்குப் பிள்ளைகள் இருந்தால் தாய்க்கு ஆறில் ஒன்று. எந்தச் சூழ்நிலையிலும் அவரை வெளியே தள்ள முடியாது. இந்துப் பையனும் இஸ்லாமியப் பெண்ணும் பதிவுத் திருமணம் செய்தால் என்ன நடக்கிறது? அவன் மதத்துச் சட்டம் அவன் தாய்க்குக் கொடுத்ததும் போகிறது. அவள் மதத்துச் சட்டம் அவள் தாய்க்குக் கொடுத்ததும் போகிறது. இரு பக்கத்துச் சம்பந்திகளும் இதில் மட்டும் ஒற்றுமையாகச் சமமாகிறார்கள்.

சட்டம் பிள்ளைகளின் சொத்தையும் பிடித்துக்கொள்கிறது என்று மேலே சொன்னேன். அதன் பொருளை மணமக்களே பெரும்பாலும் அறிவதில்லை. நம் கடைக்காரருக்கு ஒரு மகள், கோவையில் வேலை, திருமணம் ஆகவில்லை. தன் சம்பளத்தில் ஒரு மனையும் கொஞ்சம் சேமிப்பும் வைத்திருக்கிறாள். அவள் இறந்தால் எல்லாம் தந்தைக்கு. பத்து மாதம் சுமந்த ஆசிரியைக்கு ஒன்றும் இல்லை. மகளை இந்துவாகவே வளர்த்திருந்தாலும், அவள் வடுகபட்டி அம்மன் கோயிலில் தீச்சட்டி எடுத்திருந்தாலும், இதுதான் நிலை. அவளே இந்துவாக இருந்து இந்துப் பையனைத் தாலி கட்டி மணந்தாலும் அவள் சொத்து 21-வது பிரிவின் கீழேயே இருக்கும். அவள் பெற்றோர் போட்ட கையெழுத்து அவளையும் தொடர்கிறது.

இந்தச் சட்டத்தில் நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. மகனுக்கும் மகளுக்கும் இது வேறுபாடு பார்ப்பதில்லை. கேரளத்தின் காஞ்ஞங்காட்டில் நடந்த ஒன்று இந்தப் பக்கத்தைக் காட்டியது. வழக்கறிஞர் சி. ஷுக்கூரும், மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் துணைவேந்தருக்கு அடுத்த பொறுப்பில் இருந்த அவர் மனைவி ஷீனாவும் 1994-ல் இஸ்லாமிய முறைப்படி மணந்தவர்கள். மூன்று பெண் பிள்ளைகள். மகன் இல்லாததால் இஸ்லாமிய வாரிசுரிமைப்படி மகள்களுக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாது. எஞ்சியதில் ஷுக்கூரின் சகோதரர்களுக்கும் பங்கு போகும். உயில் எழுதியும் சமாளிக்க முடியாது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலுக்கு இடமில்லை. அதனால் 2023 மார்ச் 8 அன்று, மகளிர் நாளில், ஹொஸ்துர்க் சார்பதிவாளர் அலுவலகத்தில் மகள்கள் பார்த்திருக்க, தங்கள் திருமணத்தை இரண்டாவது முறை சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவுசெய்தார்கள். ஏற்கெனவே நடந்த திருமணத்தையும் இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவர 15-வது பிரிவு வழி தருகிறது. பதிவானதும் வாரிசுரிமை மாறிவிடும்.

ஷுக்கூர் தம்பதிக்குச் சட்டம் தெரியும். தெரிந்தே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் ஊர்த் தம்பதிகளில் பெரும்பாலானோர் அது தெரியாமலேயே அதற்குள் போகிறார்கள். பெற்றோரை எதிர்த்து வீட்டைவிட்டுக் கிளம்பி, வழக்கறிஞர் ஒருவரின் உதவியோடு அவசரமாகக் கையெழுத்துப் போடும் இருபத்து மூன்று வயதில் யாருக்கு வாரிசுரிமை ஞாபகம் வரும்?

தாலி போதாது

சிலர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “பேசாமல் கோயிலில் தாலி கட்டிக்கொண்டால் இந்தச் சிக்கல் இல்லையே” என்பார்கள். அது கிணற்றுக்குப் பயந்து கடலில் விழுவது. ஆந்திரத்தில் 1996-ல் ஒரு கத்தோலிக்க ஆணும் இந்துப் பெண்ணும் கோயிலில் தாலி கட்டி மணந்து, இந்துத் திருமணச் சட்டப்படி பதிவும் செய்தார்கள். அந்தத் திருமணம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008 டிசம்பரில் தீர்ப்பளித்தது. இந்துத் திருமணச் சட்டம் இரண்டு இந்துக்களுக்கானது. ஒருவர் வேறு மதம் என்றால் அதன்படி திருமணமே இல்லை. திருமணம் இல்லையென்றால் விதவையும் இல்லை. 16 லட்சம், 24 லட்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

தமிழ்நாட்டில் இதைவிடப் பரவலான ஒரு நம்பிக்கை, சுயமரியாதைத் திருமணம் எந்த மதத்தாருக்கும் செல்லும் என்பது. அண்ணா முதல்வரான 1967-ல் கொண்டுவரப்பட்ட திருத்தம் அது. தமிழ்நாட்டுக்குப் பெருமை சேர்த்த திருத்தம். ஆனால் அந்த 7-ஏ பிரிவு இந்துத் திருமணச் சட்டத்துக்குள்தான் இருக்கிறது. அதன் சொற்களும் இரண்டு இந்துக்களையே சொல்கின்றன. மாலை மாற்றிக்கொண்ட கடைக்காரரும் ஆசிரியையும் இந்துவும் கத்தோலிக்கரும் என்றால், தலைவர்கள் மேடையில் வாழ்த்தினாலும், அந்த மாலை அவர்களை இந்தப் பிரிவுக்குள் கொண்டுவராது.

சர்ச் வழி வேறு. ஒருவர் கிறிஸ்தவர் என்றாலே 1872-ன் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இடம்தரும். ராயப்பன்பட்டிச் சர்ச்சில் இவர்கள் மணந்திருந்தால், 21-வது பிரிவு வராது. அப்போது கணவர் இந்துவாகவே இருந்தால் அவர் சொத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படியும், மனைவியின் சொத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படியும் இறங்கும். அதாவது மதச் சடங்கைத் தேர்ந்தெடுத்தால் கணவரின் தாய்க்குப் பங்கு உண்டு. மதச்சார்பற்ற சட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் இல்லை! இந்த முரண்பாட்டை நாடாளுமன்றம் வேண்டுமென்றே திட்டமிட்டிருக்கும் என்று நான் நம்பவில்லை. யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

“அப்படிக் கட்டினவனுக்குப் பங்கு இல்ல”

கடைக்காரரின் தந்தையிடம் பூர்வீகத் தென்னந்தோப்பு ஒன்று பிரிக்கப்படாமல் இருந்தால் இன்னொரு பிரிவு குறுக்கே வரும். சிறப்புத் திருமணச் சட்டத்தின் 19-வது பிரிவு, கூட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த இந்து ஒருவர் வேறு மதத்தவரை அந்தச் சட்டப்படி மணந்தால், அன்றே அவர் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்துவிட்டதாகக் கொள்ளும். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அண்ணன் தம்பிகள், “அப்படிக் கட்டினவனுக்குப் பங்கு இல்ல” என்று பஞ்சாயத்துப் பேசுவது உண்டு. அது பொய். பிரிந்தவன் பங்கை இழந்தவன் அல்ல. மணநாளில் தோப்பில் அவருக்கு எவ்வளவு உரிமை இருந்ததோ அது அவருடையதே; கேட்டு வாங்கலாம், வழக்குப் போடலாம். அதற்குப் பிறகு கூட்டுச் சொத்தின் வருமானத்தில் வாங்கிய நிலத்தில்தான் அவருக்கு இடமில்லை. அவர் பிள்ளைகளும் பிறப்பால் அந்தக் கூட்டுக்குள் வரமாட்டார்கள்.

தந்தையின் சொந்தச் சம்பாத்தியம் வேறு கதை. அது தந்தையின் சட்டப்படியே இறங்கும். மகன் யாரை மணந்தான் என்பது அங்கே கேள்வியே இல்லை. 21-வது பிரிவு இவர் விட்டுச்செல்லும் சொத்துக்குத்தான். இவருக்கு வரும் சொத்துக்கு அல்ல. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இந்தப் பிரிப்பு எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் பார்த்தால் 1923 கிடைக்கிறது. 1872-ன் முதல் சிறப்புத் திருமணச் சட்டம், மணமக்கள் தாங்கள் இந்து அல்ல, கிறிஸ்தவர் அல்ல, முஸ்லிம் அல்ல என்று வரிசையாக மறுத்துச் சொன்னால்தான் மணம் செய்துவைத்தது. ஹரி சிங் கௌர் 1923-ல் கொண்டுவந்த திருத்தம், இந்துக்களும் சமணரும் சீக்கியரும் பௌத்தரும் தங்களுக்குள் மதத்தை மறுக்காமல் மணக்கலாம் என்றது. அதற்கு விலையாகக் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிவு, இந்து வாரிசுரிமை இழப்பு இரண்டையும் வைத்தார்கள். கூடவே ஒரு விதி: அப்படி மணந்த மகனைத் தவிர வேறு மகன் இல்லாத தந்தை, புதிதாக ஒரு மகனைத் தத்தெடுத்துக்கொள்ளலாம். அதாவது மணந்தவனைச் செத்தவனாகக் கணக்கு வைத்துக்கொள்ளச் சட்டமே இடம் கொடுத்தது. அந்த விதி போய்விட்டது. அதோடு பிறந்த 19-ம் பிரிவு மட்டும் 1954-ல் உட்கார்ந்தது, 1976-ல் இந்துத் தம்பதிகளுக்கு எழுந்தது, மதம் கடந்தவர்களுக்கு இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

தாலுகா அலுவலகத்தில்

குடும்பத்தில் இந்த வாரிசுரிமை மாற்றம் வெளிச்சத்துக்கு வருவது பெரும்பாலும் வாரிசுச் சான்றிதழ் வாங்கிய பிறகுதான். இறப்புச் சான்றோடு விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, தாசில்தார் சான்றிதழ் தருவார். வழக்கப்படி மனைவி, பிள்ளைகள், தாய் பெயர்கள் வரும். திருமணம் எந்தச் சட்டப்படி என்று அங்கே கேட்கும் வழக்கம் இல்லை. பிறகு வீட்டை விற்கவோ பட்டா மாற்றவோ போகும்போது கொழுந்தன் வந்து நிற்பான்: “மதினி, அம்மா பேரும் சான்றிதழ்ல இருக்கே. அம்மாவுக்கும் கையெழுத்து உண்டு.” சான்றிதழ் உறவைத்தான் சொல்கிறது, பங்கைச் சொல்லவில்லை, பங்கைத் தீர்மானிப்பது சிவில் நீதிமன்றம். ஆசிரியை அந்த வாதத்தை வைத்து வெல்லலாம். வென்றால் மாமியாருக்கு ஒன்றுமில்லை.

இதே நிலைமை தலைகீழாகவும் வரும். பிள்ளை இல்லாத தம்பதி. மகனை வீட்டைவிட்டு அனுப்பிய தந்தை, மகனோடு வந்துவிட்ட தாய். சான்றிதழில் மனைவி, தாய் பெயர்கள் இருக்க, பாதி சொத்துக்கு உரிமையாளர் அந்தத் தந்தைதான். வழக்குப் போட வேண்டியதில்லை, சட்டமே அவர் கையில் வைத்துவிடுகிறது.

இதற்கு இப்போதைக்குக் கையில் இருக்கும் மருந்து உயில் ஒன்றுதான். சட்டம் உயிலுக்குத் தடை போடவில்லை. மதம் எதுவானாலும் சிறப்புத் திருமணத் தம்பதி தங்கள் சொத்து முழுவதையும் விரும்பியவருக்கு எழுதலாம். மூன்றில் ஒரு பங்கு என்ற இஸ்லாமிய வரம்பும் இவர்களுக்கு இல்லை. வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்கள் உயிலால் பயனடைபவராகவோ பயனடைபவரின் கணவன், மனைவியாகவோ இருக்கக் கூடாது. இருந்தால் அவருக்கு எழுதியது விழுந்துபோகும். பதிவு கட்டாயம் இல்லை என்றாலும் செய்துவிடுவது நல்லது. கணவர் தன் தாய்க்கு ஒரு பங்கை எழுத வேண்டும். மனைவியும் அவர் தாய்க்கு எழுத வேண்டும். வேலைக்குப் போய்ச் சேமிக்கும் வயது வந்த மகளும் எழுத வேண்டும், அவளுக்கும் இந்தச் சட்டம்தான் என்பதால்.

தேதியில் ஒரு கவனம். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 69-வது பிரிவின்படி திருமணம், அதற்கு முன் எழுதிய உயிலை ரத்துசெய்துவிடும். இந்துக்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் வேறு மதத்தவரைச் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தவர் அந்த விலக்கை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. திருமணத்துக்கு முன்போ, பழைய திருமணத்தைப் பதிவு செய்வதற்கு முன்போ எழுதிய உயில் பெட்டியில் இருந்தால், பதிவு முடிந்த பின் புதிதாக எழுதுவதே பாதுகாப்பு.

ஆனால் எல்லோரும் உயில் எழுதுவார்கள் என்று நினைத்துச் சட்டம் செய்ய முடியாது. முப்பத்தைந்து வயதில் உயில் எழுதுவது அபசகுனம் என்று நினைக்கும் ஊர் நம்முடையது. இந்தியச் சட்ட ஆணையம் தன் 247-வது அறிக்கையில், 2014-ல், இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 41 முதல் 48 வரையிலான பிரிவுகளை மட்டும் எடுத்து ஆராய்ந்து, தந்தையோடு தாயையும் சமமாக வாரிசாக்கப் பரிந்துரைத்தது. அறிக்கை நீண்டநாளாக அப்படியே கிடக்கிறது.

டெல்லி எழுந்திருக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாரிசுரிமை பொதுப்பட்டியலில் இருக்கும் பொருள். மாநிலச் சட்டமன்றம் திருத்தம் செய்து குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறலாம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை என்று 1989-லேயே தமிழ்நாடு திருத்தியது. மத்திய அரசு அதைச் செய்ய 2005 ஆனது. சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-ல் வழிசெய்ததும் இதே சட்டமன்றம்தான். அந்த இரண்டும் இந்துக்களுக்கு. மதம் கடந்து மணந்தவர்களுக்கு இன்னும் ஒன்றும் செய்யப்படவில்லை.

செய்ய வேண்டியதும் பெரிதல்ல. 42-வது பிரிவில் தந்தை இருக்கும் இடத்தில் தந்தையும் தாயும் என்று வர வேண்டும். பிள்ளைகள் இருக்கும்போதும் பெற்றோருக்கு ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தின் 19-வது பிரிவை மாநில அளவில் நீக்க வேண்டும். வாரிசுரிமைச் சட்டத்தின் 33-வது பிரிவு மனைவிக்குத் தரும் மூன்றில் ஒன்றைத் தொட வேண்டாம். பெற்றோருக்கான பங்கைப் பிள்ளைகளின் மூன்றில் இரண்டிலிருந்து எடுத்தால் போதும். இது கத்தோலிக்கர் இருவர் மணந்த குடும்பத்துத் தாய்க்கும் சேர்த்தே நன்மை செய்யும், அவர்களும் இதே சட்டத்தில்தான் இருக்கிறார்கள் என்பதால் சபைகள் எதிர்க்கக் காரணம் இல்லை. திருத்தம் வந்தாலும் அது வந்த நாளுக்குப் பிறகு இறப்பவர்களின் சொத்துக்கே பொருந்தும். அதற்கு முன் வடுகபட்டியில் யாரேனும் உயில் இல்லாமல் இறந்துபோனால் அந்தத் தாய்க்கு மேலே சொன்ன பழைய கணக்குதான்.